பின்கழுத்து ஸ்டிக்கர் மாதிரி தெரிகிறதா?

கேள்வி: "ஜெயநகரில் இருந்து கேட்கிறேன். குர்த்தி தானாகவே நிற்பது போலத் தெரிய, படத்தில் அதை மாட்டியிருந்த கடைப் பொம்மையை வெட்டி எடுத்துவிட்டு, பின்கழுத்தின் உள்பக்கத்தைத் தனியாகப் படம் எடுத்து உள்ளே வைத்தேன். ஆனாலும் ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?"

நீங்கள் அனுப்பிய கடுகு மஞ்சள் குர்த்தியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொம்மையை வெட்டிய விதத்தில் குறையே இல்லை. பின்கழுத்துக்காகத் துணியை மேஜையில் விரித்துப் படம் எடுத்திருக்கிறீர்கள், இல்லையா? மேஜையில் படுத்ததும் கழுத்து அகலமாகிவிடும். அதைச் சுருக்கி உள்ளே வைத்தால் தோள் தையல் எங்கேயோ போய் நிற்கும்.

இப்படிச் செய்து பாருங்கள். முதல் படம் முடிந்ததும் கேமராவையும் விளக்கையும் நகர்த்தாதீர்கள். தோள் வடிவத்தில் வெட்டிய தெர்மாகோல் அட்டையில் குர்த்தியை உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டி, பொம்மை நின்ற அதே இடத்தில், முதுகு கேமராவைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். அப்போது லேபிளும் நேராகவே விழும். ஒருமுறை நான் சோம்பேறித்தனமாகப் படத்தை இடவலமாகத் திருப்பி வைத்து, லேபிள் எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போலாகி, மொத்தத்தையும் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

அப்புறம் ஃபோட்டோஷாப். கழுத்துத் துண்டை முன்பக்க லேயருக்குக் கீழே வையுங்கள். Ctrl+T அழுத்தி, இரண்டு தோள் தையலும் முன்பக்கத் தையலோடு சேரும் வரை அளவை மாற்றுங்கள். வளைவு மட்டும் பொருந்தாவிட்டால் Warp போதும். அதற்கு முதல் படத்திலேயே துப்பு இருக்கிறது: பொம்மையின் கழுத்துக்கு இரண்டு பக்கமும் பின்கழுத்து விளிம்பு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அந்தக் கோடு போகும் திசையிலேயே வளையுங்கள்.

இவ்வளவு செய்தாலும் நிழல் இல்லாவிட்டால் ஸ்டிக்கர்தான். கழுத்துத் துண்டின் மேல் ஒரு புது லேயர் போட்டு, அதை அந்தத் துண்டோடு மட்டும் கிளிப் செய்து, Multiply வையுங்கள். நிறத்துக்குக் கறுப்பை எடுக்காதீர்கள், மஞ்சள் மேல் கறுப்பு பட்டால் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். அதே துணியின் மடிப்பில் இருக்கும் அடர்ந்த நிறத்தை எடுங்கள். மென்மையான பிரஷ், Opacity 20 சதவீதம் போதும். முன்கழுத்து விளிம்பை ஒட்டி அடர்த்தியாக ஆரம்பித்து, மேலே பின்விளிம்பை நோக்கிக் கரைய விடுங்கள். வெளிச்சம் மேலிருந்து வருவதால் உள்ளே ஆழத்தில்தான் இருட்டு.

அச்சுத் துணியாக இருந்தால் உள்பக்கம் வெளிறித்தான் இருக்கும். அதை வெளிப்பக்க நிறத்துக்கு ஏற்றிவிடாதீர்கள். இரண்டும் ஒரே நிறமானால் கண் உடனே பிடித்துவிடும்.

ஆர்கன்சா, நெட் மாதிரி மெல்லிய துணிக்கு மட்டும் இந்த வழி சரிப்படாது. முன்பக்கத் துணி வழியாகவே பொம்மையின் உடம்பு தெரியும், அதை வெட்டி எடுக்க முடியாது. அந்த மாதிரி உடைகளை நான் ஹேங்கரில் மாட்டித்தான் படம் எடுக்கிறேன்.