சிங்க் ஹோஸுக்குள் ஈ வளர்ப்பு

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் குழாய் வேலை செய்கிறவன் நான். சாக்கடை ஈயைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டதும் உடனே ஒத்துக்கொண்டேன். காரணம், அடைப்பு எடுக்கப் போகிற வீடுகளில் பாதிப் பேர் "அப்படியே இந்தக் கொசுவையும் பார்த்துட்டுப் போங்க அண்ணே" என்று சுவரைக் காட்டுவார்கள்.

அது கொசு இல்லை. குளியலறைச் சுவரில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். சாம்பல் நிறம், அரிசி மணியில் பாதி நீளம். இறக்கை முழுக்க நுண்ணிய முடி. விரலால் நசுக்கினால் ரத்தம் வராது, கரித்தூள் மாதிரி ஒரு கோடு விழும். கிட்டப் போனால் ஓரடி தள்ளிப் போய் மறுபடி உட்காரும். அவ்வளவுதான் அதற்குப் பறக்க வரும். கடிக்காது, டெங்கி பரப்பாது. ஆனால் சாக்கடையில் பிறந்து உங்கள் பல் துலக்கியில் வந்து உட்காருகிற பிராணி, அதனால் விட்டுவைக்கவும் முடியாது.

போன மழைக்காலத்தில் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். தோட்டம் விற்கப்பட்ட பிறகு லயத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் மலிவு வீட்டுத் தாமான். அந்த அக்கா வீட்டைப் பளிச்சென்று வைத்திருப்பவர். இருந்தும் தினமும் காலையில் குளியலறைச் சுவரிலும் அடுப்படிச் சுவரிலும் ஈ. ஸ்பிரே அடித்தார், மறுநாள் புது ஈ. குளியலறை ஓட்டையில் பிளீச் ஊற்றினார், கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டினார். பக்கத்து வீட்டார் சொல்லி, தொட்டியில் போடும் கொசு மருந்து மணலைக்கூடப் போட்டுப் பார்த்துவிட்டார்.

ஏன் எதுவும் கேட்கவில்லை என்றால், இந்த ஈ தண்ணீரில் வளருவதில்லை. குழாயின் உட்சுவரில் சோப்பு, முடி, எண்ணெய், சோற்றுப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து, அதில் கிருமிகள் பெருகி, ஆறிய கஞ்சியில் படிகிற ஆடை மாதிரி ஒரு படலம் உண்டாகிறது. புழு அதற்குள் புதைந்து, அதையே தின்று வளர்கிறது. பின்பக்கம் ஒரு சிறு மூச்சுக்குழல். அதை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும் என்பதால் ஓட்டைக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிற டிராப்பில், அந்தத் தண்ணீருக்குச் சற்று மேலே உள்ள சுவர்தான் அதற்கு வசதியான இடம். நீங்கள் ஊற்றுகிற பிளீச் படலத்தின் மேலே வழுக்கிக்கொண்டு நொடியில் இறங்கிவிடுகிறது. மருந்து மணலும் அடுத்த வாளித் தண்ணீரோடு போய்விடும். கொதிநீருக்கும் அதே கதைதான். அதோடு பிவிசி குழாயை இளக்கி மூட்டில் ஒழுக வைக்கும். ஸ்பிரேயும் புகையடிப்பதும் வெளியே வந்த ஈயைக் கொல்லும், உள்ளே இருப்பது பாட்டுக்கு வளரும்.

முட்டை இரண்டு நாளில் பொரியும். நம் ஊர் வெயிலுக்கு அது ஈயாக வெளிவர இரண்டு வாரம் பிடிக்கலாம், முன்பின்னாகவும் இருக்கும். வெளிவந்த ஈ ஏறக்குறைய இன்னொரு இரண்டு வாரம் உயிரோடு இருக்கும். இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சரி, எந்த ஓட்டை? இதைத்தான் யாரும் முதலில் கேட்பதில்லை. அந்த வீட்டில் குளியலறை ஃப்ளோர் டிராப், கைகழுவும் பேசின், அடுப்படி சிங்க், அடுப்படித் தரையில் ஒரு டிராப் என்று நான்கு இடம். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, ஓட்டையைச் சுற்றித் துடைத்துக் காயவிட்டு, அகலமான ஒட்டு டேப்பை ஒட்டும் பக்கம் கீழே பார்க்கும்படி குறுக்கே ஒட்டச் சொன்னேன். முழுக்க மூடக் கூடாது. ஓரத்தில் கொஞ்சம் காற்று போக விட வேண்டும், இல்லாவிட்டால் ஈ மேலே ஏறி வராது. ஒரு ராத்திரியோடு முடிவு கட்டவும் கூடாது, சில ராத்திரி தொடர்ந்து ஒட்ட வேண்டும்.

குளியலறை டேப் சுத்தமாக இருந்தது. அக்கா பிளீச் ஊற்றி ஊற்றி ஓய்ந்த இடம் அது! அடுப்படித் தரை டிராப்பில் ஒட்டிய டேப்தான் ஈயால் புள்ளி புள்ளியாக இருந்தது. அங்கிருந்து கிளம்பி, ஈரமும் நிழலும் தேடிக் குளியலறைச் சுவருக்குப் போயிருக்கிறது.

நம் பக்கத்து வீடுகளில் சிங்க்கிலிருந்து மடிப்பு மடிப்பான ஒரு பிளாஸ்டிக் ஹோஸ் இறங்கி, தரை டிராப்புக்குள் சும்மா செருகியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை உருவி வெளியே எடுத்து, பழைய டூத் பிரஷை உள்ளே விட்டுச் சுரண்டி, ஒரு வெள்ளைத் தட்டில் தட்டினேன். கறுப்பாக ஒரு கட்டி விழுந்தது. கொஞ்சம் தண்ணீர் விட்டதும் அதற்குள்ளிருந்து நூல் துண்டு அளவுக்குச் சாம்பல் நிறப் புழுக்கள் நெளிந்து வந்தன, கால் கிடையாது, வால் நுனி மட்டும் கறுப்பு. அக்கா அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை என்று அவர் மகன் பிறகு சொன்னான். மடிப்பு ஒவ்வொன்றிலும் எண்ணெய் தங்கும், தண்ணீரின் வேகம் அங்கே எட்டாது. ஹோஸுக்கும் டிராப் வாய்க்கும் இடையிலிருந்த இடைவெளி ஈ வந்துபோக வாசல்.

அந்த ஹோஸைக் கழுவி மறுபடி மாட்டுவது வீண் வேலை. தூக்கிப் போட்டுவிட்டு, உட்பக்கம் வழவழப்பான பிவிசி குழாய் வைத்து, டிராப் வாயில் ரப்பர் வளையம் போட்டு இடைவெளியை அடைத்தேன். டிராப்பின் சல்லடையைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தையும் விளிம்பையும் தேய்க்க வேண்டும். பெரும்பாலோர் மேல்பக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள். சில டிராப்புக்குள் கவிழ்த்த கிண்ணம் ஒன்று இருக்கும், அதையும் வெளியே எடுங்கள். பிறகு நீளக் கம்பி பிரஷால் தண்ணீர் மட்டம் வரை சுவரைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றித் தள்ளிவிடுங்கள். பிரஷ் எட்டாத இடத்துக்கு, படலத்தைத் தின்னும் நுண்ணுயிர் ஜெல் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். அதை ராத்திரி கடைசியாக ஊற்றி, விடியும் வரை தண்ணீர் விடாமல் வைக்க வேண்டும். சில ராத்திரி தொடர்ந்து. பிளீச்சைக் கொட்டினால் அந்த நுண்ணுயிரும் செத்துப்போகும். இன்னொன்று, பிளீச்சையும் டாய்லெட் கழுவும் அமிலத்தையும் ஒன்றாக ஊற்றாதீர்கள். வருகிற புகை குளோரின், அடைத்த குளியலறையில் ஆளையே சாய்த்துவிடும்.

தேய்த்த மூன்றாம் நாள் அக்காவிடமிருந்து போன்: "இன்னும் பறக்குதே தம்பி!" பறக்கத்தான் செய்யும். முன்பே வெளிவந்த ஈக்கு ஆயுள் இருக்கிறது, மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கும் கூட்டுப்புழுவும் வெளிவரும். மேலே சொன்ன கணக்குப்படி இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். சுவரைப் பார்க்காதீர்கள், வாரம் ஒருமுறை டேப்பைப் பாருங்கள் என்றேன். வாரத்துக்கு வாரம் டேப்பில் ஈ குறைந்துகொண்டே வந்தது, அப்புறம் ஒன்றும் விழவில்லை.

டேப் எல்லாம் சுத்தம், ஆனாலும் ஈ குறையவில்லை என்றால் வேறு இடம் தேட வேண்டும். புழங்காத பின்பக்கக் குளியலறையில் டிராப் தண்ணீர் வற்றி, சாக்கடைக் காற்றோடு ஈயும் ஏறி வரலாம். வாரம் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். செப்டிக் தொட்டி மூடி விரிசல் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். முடி இல்லாத, முதுகு கூனிய சின்ன ஈ, பறக்காமல் தரையில் விறுவிறுவென்று ஓடுகிறதென்றால் அது வேறு வகை. டைல்ஸுக்கு அடியில் குழாய் உடைந்து மண்ணில் கழிவு ஊறினால் அது அங்கே வளரும். அந்த நிலையில் பிரஷ் உதவாது, தரையை உடைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் டைல்ஸில் கை வைக்கும் முன், ஒரு ஈயைப் பிடித்துப் பாட்டிலில் போட்டு, வருகிற வேலைக்காரரிடம் காட்டுங்கள்.