ஜாக்கெட்டுக்கு எந்தத் தோல்? வெட்டுவிளிம்பைப் பாருங்கள்

வணக்கம். கையில் இரண்டு செம்மறியாட்டுத் தோல் துண்டுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் மேலே கறுப்புச் சாயம்தான். வெட்டிய விளிம்பைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், பாருங்கள். ஒன்றின் நடுவில் லேசான நீலச் சாம்பல் நிறம், இது குரோமிய உப்பில் பதனிட்டது, சுருக்கமாகக் குரோம். மற்றதில் நடுவரை பழுப்பு, இது மரப்பட்டையில் பதனிட்டது.

சுண்ணாம்பில் ஊறவைத்து முடி நீக்கும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். பிரிவு அப்புறம்தான் வருகிறது. குரோமில், உப்பும் அமிலமும் சேர்த்து பி.எச். 3 அளவுக்குக் கொண்டுவந்து, டிரம்மில் போட்டு, குரோமியம் சல்ஃபேட் விடுவார்கள். அந்த அமிலத்தில் குரோம் நாருக்குள் நன்றாக இறங்கும், ஆனால் இறுகப் பிடிக்காது. உள்ளே போனபின் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து பி.எச்.-ஐ 4 பக்கம் ஏற்றும்போதுதான் பிடிக்கும். அவசரப்பட்டு ஒரேயடியாகச் சோடா போட்டால் குரோம் மேற்பரப்பிலேயே படிந்து, தோல் கரடாகித் திட்டுத்திட்டாக நிறம் மாறும். ஒரு சிறு துண்டைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்கவில்லை என்றால் வேலை முடிந்தது. பட்டைத் தோலை அப்படிப் போட்டால் சுருண்டுவிடும்.

பட்டை முறையில் ஆவாரம் பட்டை, வாட்டில் மரப்பட்டை, கடைசியில் கடுக்காய். நம் ஊரில் ஈ.ஐ., அதாவது ஈஸ்ட் இந்தியா தோல் என்று பெயர். பட்டையிலிருந்து இறங்கித் தோலைப் பதப்படுத்தும் டானின் பெரிய மூலக்கூறு, நாருக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையெல்லாம் அடைத்துக்கொள்கிறது. அதனால் தோல் கனமாக, தடிமனாக நிற்கிறது. பெல்ட்டுக்கு அருமை. ஜாக்கெட்டுக்கு? தோளில் தொங்கவேண்டியது விறைத்து நிற்கும், வெயிலில் நிறமும் கருக்கும். குரோம் மிகக் குறைவாகத்தான் நாரில் சேர்கிறது, அதனால் அரை மில்லிமீட்டர் சொச்சம் தடிமனில்கூட மென்மையாக மடியும். உடைக்கு நான் குரோமைத்தான் சொல்வேன்.

பட்டைத் தோலையே உடைக்குக் கொண்டுவர ஒரு வழி உண்டு. காரத்தில் கழுவி டானினில் ஒரு பங்கை இறக்கிவிட்டு, மறுபடி குரோமில் பதனிடுவது. இதுதான் செமி குரோம்.

சரி, தரம் பிரிப்பது. இங்கே ஒரு ஜாக்கெட்டுக்கு 36 சதுர அடி வேண்டும், ஒரு தோல் 6 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி ஆறு தோல் போதும். ஆனால் உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு எல்லாவற்றையும் ஒதுக்கினால் ஆறு போதாது, ஏழாவது தோலை எடுக்க வேண்டியிருக்கும். தரம் பிரிப்பவர் பார்ப்பது அந்த வெட்டக்கூடிய பரப்பைத்தான்.

இன்னொன்றும் பார்ப்பார். மேற்புறம் உள்ளே வருமாறு தோலை மடிப்பார். நுண்ணிய சுருக்கம் என்றால் நல்லது. பெரிய குழாய் போல் சுருக்கம் எழுந்தால், மேல்தோல் கீழ் அடுக்கை விட்டுத் தளர்ந்திருக்கிறது. வயிற்றுப் பக்கத்தில் இது அதிகம். சுத்தமான தோல் முன்பக்கத்துக்கும் முதுகுக்கும் போகும், தளர்ந்ததும் கீறல் உள்ளதும் கைக்கு அடியில், காலரின் கீழ்ப்புறத்தில் போகும். கடையில் ஜாக்கெட் எடுக்கும்போது கையைத் தூக்கி அக்குளுக்குக் கீழே மடித்துப் பாருங்கள்.