பதினைந்து பைசா எங்கே போனது?

நேயர்களுக்கு வணக்கம். இருபது வருடங்களுக்கு மேல் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தவன் நான். இப்போது திருப்பூரில் சில பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு வழக்கில் உதவுகிறேன். பின்னால் வரப்போகும் டாலருக்கு இன்றே விலை பேசி வைக்கும் ஃபார்வர்டு ஒப்பந்தத்தைப் புக் செய்தபின் வங்கி ஒரு கன்ஃபர்மேஷன் சீட்டு அனுப்புமே, அதை எப்படிப் படிப்பது என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். பெரும்பாலும் அது கையெழுத்தாகி நேரே கோப்புக்குள் போய்விடுகிறது.

சென்ற வருடம் மே மாதக் கடைசியில் ஒரு சின்ன ஏற்றுமதியாளர் மாலை ஆறு மணிக்குப் போன் செய்தார். "சார், பேங்க்காரங்க பதினஞ்சு பைசாவ அமுக்கிட்டாங்க" என்றார். காலையில் விசாரித்தபோது ஆகஸ்ட் கடைசிக்கு 85 ரூபாய் 80 காசு என்றார்களாம். கன்ஃபர்மேஷனில் 85.65 என்று இருக்கிறது. தொகை 50,000 டாலர். பதினைந்து பைசா என்றால் 7,500 ரூபாய். கோபம் நியாயம்தான். (எண்களை உங்கள் வசதிக்காகக் கொஞ்சம் வட்டமாக்கிச் சொல்கிறேன்.)

சீட்டை அனுப்பச் சொன்னேன். முதலில் நாணய ஜோடியைப் பார்த்தேன். USD/INR என்று இருந்தது. சரி. இது ரொம்பச் சாதாரண விஷயமாகத் தோன்றும். ஆனால் வழக்கமாக டாலரில் வியாபாரம் செய்பவர் ஜெர்மனிக்கு யூரோவில் ஒரு ஆர்டர் எடுத்திருப்பார், போனில் "அம்பதாயிரத்துக்குப் போடுங்க" என்று மட்டும் சொல்லுவார், டீலர் பழக்கத்தில் டாலர் என்று போட்டுவிடுவார். டாலரும் யூரோவும் ஒன்றாகவே ஏறி இறங்கும் என்று நம்பி அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. யூரோ டாலருக்கு எதிராகச் சரிந்தால், கையில் இருக்கும் டாலர் ஒப்பந்தம் அந்த நட்டத்தைத் தாங்காது.

அடுத்து, யார் வாங்குகிறார், யார் விற்கிறார். சீட்டு வங்கியின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டிருக்கும். ஏற்றுமதியாளர் டாலரை விற்கிறார், எனவே அதில் வங்கி டாலர் வாங்குவதாக இருக்க வேண்டும். வங்கி விற்பதாக இருந்தால் அது இறக்குமதியாளருக்கான ஒப்பந்தம், உங்களுடையது தலைகீழாகிவிட்டது.

இப்போது அந்தப் பதினைந்து பைசாவுக்கு வருவோம். ஸ்பாட், அதாவது அன்றைய சந்தை விலை, 85.40. ரூபாய்க்கு எதிராக டாலர் பிரீமியத்தில் இருப்பதால், தள்ளி வரும் தேதிக்கு விலை கூடும். ஆகஸ்ட் மாதக் கடைசிக்குப் பிரீமியம் 45 பைசா. வங்கியின் மார்ஜின் 5 பைசாவைக் கழித்தால் 85.80. காலையில் சொன்ன விலை சரிதான். அப்புறம் ஏன் 85.65?

தேதிக் கட்டத்தைப் பார்த்தால் விடை இருந்தது. ஒரே தேதிக்குப் பதிலாக, ஆகஸ்ட் 1 முதல் 31 வரை என்று ஆப்ஷன் காலமாகப் போட்டிருந்தார்கள். அந்த மாதத்தில் எந்த நாளிலும் டாலரைக் கொடுக்கலாம் என்று பொருள். வங்கி என்ன நினைக்கும்? இவர் ஆகஸ்ட் ஒன்றாம் தேதியே கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கியாக வேண்டும். அதனால் பிரீமியத்தை ஒன்றாம் தேதி வரைக்கும்தான் தரும். அதுவரை 30 பைசா. 85.40-உடன் 30 பைசா கூட்டி 5 பைசா கழித்தால் 85.65. யாரும் எதையும் அமுக்கவில்லை. இவர் "ஆகஸ்ட் கடைசிக்கு" என்றது டீலர் காதில் "ஆகஸ்ட் மாதத்துக்கு" என்று விழுந்திருக்கிறது. விலையைத் தனியாகவும் தேதியைத் தனியாகவும் பார்த்தால் இந்தக் குழப்பம் பிடிபடாது. ஸ்பாட், பிரீமியம், மார்ஜின் மூன்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியானால் ஆகஸ்ட் 31 என்று ஒரே தேதியாக மாற்றிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த 31-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கடைசி நாள் விடுமுறை என்று முன்பே தெரிந்தால், அதற்கு முந்தைய வேலை நாளில், அதாவது 29 வெள்ளிக்கிழமை, டாலரைக் கொடுத்தாக வேண்டும். பலர் அடுத்த திங்கட்கிழமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய கேள்வி, பணம் உண்மையில் எப்போது வரும் என்பது.

அவருக்குப் பி.எல்., அதாவது சரக்கு கப்பலில் ஏறியதற்கான ரசீது, அதன் தேதியிலிருந்து 60 நாளில் பணம். ஜூன் 20 அன்று தூத்துக்குடியில் சரக்கு ஏறினால் ஆகஸ்ட் 19. ஆனால் சாயப்பட்டறையில் இரண்டு வாரம் இழுத்து ஜூலை 4-இல் ஏறினால், செப்டம்பர் 2. ஒப்பந்தம் ஆகஸ்டோடு முடிந்துவிட்டால் அதை ரத்து செய்து புதிதாகப் போட வேண்டும். அன்றைக்கு ரத்து விலை 87 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 85.65-க்கு விற்றதை 87-க்குத் திரும்ப வாங்குவதாகக் கணக்கு. டாலருக்கு 1.35 ரூபாய், மொத்தம் 67,500. புது ஒப்பந்தத்தில் கூடுதல் விலை கிடைக்கும் என்பதால் பெரும்பகுதி பின்னால் திரும்பிவிடும், உண்மை. ஆனால் இந்தத் தொகையை வங்கி இன்றைக்கே எடுத்துக்கொள்ளும், டாலர் பிறகுதான் வரும். சம்பள வாரத்தில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எனவே ஆப்ஷன் காலத்தையே வைத்துக்கொண்டு, அதைத் தள்ளிப் போடச் சொன்னேன். ஆகஸ்ட் 18 முதல் செப்டம்பர் 17 வரை. சரக்கு ஜூலை 19 வரை தாமதமானாலும் பணம் இதற்குள் வந்துவிடும். தொடக்கம் 18-க்குப் போனதால் பிரீமியமும் 38 பைசாவாகக் கூடுகிறது. விலை 85.73.

கடைசியில் செட்டில்மென்ட் வரிகள். யாரும் படிக்காத இடம் இதுதான். ரூபாய் எந்தக் கணக்கில் வரவாகும் என்று இருக்கும், அதைச் சரிபார்த்தாயிற்று. ஆனால் இன்வாய்ஸை எடுத்துப் பார்த்தால், வாங்குபவர் பணம் அனுப்ப வேண்டிய வங்கியாக இன்னொரு வங்கியை நம் ஏற்றுமதியாளர் குறிப்பிட்டிருக்கிறார்! டாலர் அங்கே போய் இறங்கினால், முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அவர்கள் அன்றைய விலையில் ரூபாயாக்கி வரவு வைத்துவிடுவார்கள். டாலர் போனது போனதுதான். இங்கே ஒப்பந்தம் நிறைவேற டாலர் இல்லாமல் நிற்கும். புது இன்வாய்ஸ்களில் வங்கி விவரத்தை மாற்றச் சொன்னேன்.

இன்னொன்றும் கேட்டேன்: சரக்கு அனுப்புவதற்கு முன் வங்கி தரும் பேக்கிங் கிரெடிட் கடனை டாலரிலேயே எடுத்திருக்கிறீர்களா? நல்ல வேளை, இல்லை என்றார். எடுத்திருந்தால் வரும் டாலர் அந்தக் கடனை அடைக்கவே போய்விடும். அதே பில்லுக்கு ஃபார்வர்டும் போட்டிருந்தால், கொடுக்க டாலர் இருக்காது.

மறுநாள் காலை சந்தை திறந்ததும் அவர் டீலரை அழைத்தார். வங்கி தன் பக்கத்தை உடனே சந்தையில் ஈடுகட்டிவிடும் என்பதால், எத்தனை நாள் கழித்துத் திருத்தச் சொல்கிறோமோ அத்தனை நாள் விலை நகர்வு நம் தலையில் விழும். அன்று அதிகம் நகரவில்லை. மதியத்துக்குள் திருத்திய சீட்டு வந்தது. இந்தத் தடவை கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், காலண்டரையும் இன்வாய்ஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரே படித்துப் பார்த்திருக்கிறார். வங்கியின் பெயரில் ஒரு எழுத்துப்பிழை இருப்பதாகவும் எனக்குச் சொன்னார்.