செல்வமகள் கணக்கில் கடைசி ஐந்து வருடம்

எல்லாருக்கும் வணக்கம். உட்கார இடம் கிடைக்காதவர்கள் இப்படி முன்பக்கம் வந்துவிடுங்கள், பலகையில் கொஞ்சம் கணக்குப் போடப் போகிறேன்.

செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது. அந்த ஏப்ரலில் வட்டி 9.2 சதவீதம். அன்று கணக்குப் போட்டவர்கள், வருடம் 10,000 ரூபாய் என்று 15 வருடம் கட்டினால் 21-ம் வருட முதிர்வில் சுமார் 5,52,000 வரும் என்று தாளில் எழுதி வைத்தார்கள். பெருக்கலில் தவறில்லை. 21 வருடமும் 9.2 ஓடும் என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு.

ஃபிக்சட் டெபாசிட் போட்டுப் பழகியவர்கள் இங்கே ஏமாந்துபோகிறார்கள். அங்கே சேரும்போது இருந்த வட்டி கடைசி வரை நிற்கும். செல்வமகளில் நிற்காது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மத்திய அரசு வட்டியை அறிவிக்கும். புது வட்டி புதுப் பணத்துக்கு மட்டுமில்லை, பாஸ்புக்கில் இருக்கும் மொத்தத் தொகைக்கும்தான். இது ஒன்று பிடிபட்டால் மீதியெல்லாம் சுலபம்.

ஏப்ரல் 2015-ல் மூன்று வயதுக் குழந்தைக்குக் கணக்குத் தொடங்கியதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஏப்ரலும் 5-ம் தேதிக்குள் 10,000 கட்டுகிறார்கள். அந்த 5-ம் தேதி ஏன் என்றால், 5-ம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை இருந்ததில் எது குறைந்த இருப்போ அதற்குத்தான் அந்த மாத வட்டி. 6-ம் தேதி கட்டினால் ஏப்ரல் வட்டி போச்சு. வட்டி மாதாமாதம் கணக்காகும், ஆனால் மார்ச் 31 அன்றுதான் வரவாகும்.

முதல் வருடம் 9.2 சதவீதம், இருப்பு 10,920. அடுத்த ஏப்ரலில் 10,000 சேர 20,920. அந்த வருடம் இரண்டு காலாண்டு 8.6, இரண்டு காலாண்டு 8.5. சராசரி 8.55, ஆக இருப்பு 22,709. இப்படி வருடத்துக்கு ஒரு வரி. 2020 ஏப்ரலில் வட்டி 7.6-க்கு விழுந்து மூன்று வருடம் அங்கேயே கிடந்தது. 2023 ஏப்ரலில் 8 ஆனது, 2024 ஜனவரியில் 8.2. எல்லாம் போட்டுப் பார்த்தால் 2025 மார்ச் 31 அன்று இருப்பு சுமார் 1,56,650. அந்தப் பழைய தாளின்படி 1,67,500 இருந்திருக்க வேண்டும்.

சரி, இனி முன்னோக்கிப் போவோம். கையில் உள்ள 1,56,650-ல் இருந்துதான் தொடங்க வேண்டும், 2015-ல் இருந்து அல்ல. இன்னும் ஐந்து தவணை பாக்கி. அதற்கப்புறம் ஆறு வருடம் கட்டாமலே வட்டி மட்டும் ஏறும். 8.2 அப்படியே நின்றால் முதிர்வில் 4,75,000. மறுபடி 7.6-க்குப் போய் அங்கேயே இருந்தால் 4,48,000. என்னைக் கேட்டால் ஒற்றை எண்ணை நம்பாதீர்கள், இந்த இரண்டையும் எழுதி வையுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசுவதோ கல்லூரிக் கட்டணம் திட்டமிடுவதோ, சின்ன எண்ணை வைத்துச் செய்யுங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த கணக்கு. 21 வருடமும் 8.2 என்றால் 4,78,800 வரும். இதில் ஒரு ஐந்து வருடம் மட்டும் வட்டி ஒரு சதவீதம் குறைந்து 7.2 ஆகிறது. முதல் ஐந்து வருடத்தில் குறைந்தால் முதிர்வில் நஷ்டம் சுமார் 6,500 ரூபாய். கடைசி ஐந்து வருடத்தில் குறைந்தால்? சுமார் 21,700! காரணம் பெரிய ரகசியமில்லை. முதலில் பாஸ்புக்கில் இருப்பது சில ஆயிரங்கள், கடைசியில் லட்சங்கள். கணக்குத் தொடங்கிய வருடம் வட்டி குறைந்ததே என்று புலம்புகிறவர்கள், பெண்ணுக்குப் பதினாறு பதினேழு வயதாகும்போது வட்டி அறிவிப்பைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய நேரமே அதுதான்.

கைபேசியில் வந்த கணக்கு என்று யாராவது காட்டினால் இரண்டு இடத்தைத் தட்டிப் பாருங்கள். ஒன்று, பணம் கட்டுவது 15 வருடம்தான். சில அட்டவணை 21 வருடமும் கட்டுவதாகப் போட்டுப் பெரிய எண்ணைக் காட்டும். இரண்டாவது, முதிர்வு பெண்ணின் 21 வயதில் இல்லை, கணக்குத் தொடங்கி 21 வருடத்தில். நம் கணக்கில் குழந்தைக்கு அப்போது 24 வயது.

நடுவில், 18 வயதானாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரை படிப்புக்கு எடுக்கலாம். எடுத்தால் அந்த வருடத்தோடு பழைய தாளைக் கிழித்துவிட்டு, மிச்ச இருப்பை முதல் வரியில் எழுதிப் புதிதாகப் போடுங்கள். பாஸ்புக் கொண்டு வந்தவர்கள் இருக்கிறீர்களா? கொடுங்கள், ஒன்றைப் பலகையிலேயே போட்டுவிடுவோம்.