சம்பளமும் கூடவே ஏறினால் பணவீக்கத்தால் என்ன நஷ்டம்?

கேள்வி: "சார், விலை ஏறுற அளவுக்குச் சம்பளமும் ஏறிட்டா யாருக்கும் நஷ்டம் இல்லையே? அப்புறம் ஷூ லெதர் காஸ்ட், மெனு காஸ்ட்னு ரெண்டு செலவு எங்கிருந்து வருது? 5 மார்க்குக்கு எப்படி எழுதணும்?"

சம்பளம் ஏறும், வங்கி வட்டியும் ஏறும். ஆனால் பர்ஸில் இருக்கிற நோட்டுக்கு யாரும் வட்டி தருவதில்லை. விலை ஏற ஏற அது மதிப்பை இழந்துகொண்டே இருக்கும். அதனால் மக்கள் கையில் குறைவாகப் பணம் வைத்துக்கொண்டு, மீதியை வட்டி வரும் கணக்கில் விட்டுவிட்டு, அடிக்கடி வங்கிக்கு நடப்பார்கள். நடந்து நடந்து செருப்பு தேய்கிறது என்பதால்தான் இதற்கு ஷூ லெதர் செலவு என்று பெயர். உண்மையில் தேய்வது நம்முடைய நேரமும் உழைப்பும்.

நிறையப் பேர் மார்க்கை விடுகிற இடம் இதுதான். 'நோட்டின் மதிப்பு குறைகிறது, அதுவே ஷூ லெதர் செலவு' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. நோட்டு வைத்திருப்பவர் இழக்கும் மதிப்பு, அந்த நோட்டை அச்சிட்ட அரசுக்கு வரவாகப் போகிறது. அதைப் பணவீக்க வரி என்கிறோம். ஒரு கை விட்டு இன்னொரு கைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த இழப்பிலிருந்து தப்பிக்க நீங்கள் வங்கி வரிசையில் நின்ற அரை மணி நேரம் யாருக்கும் வரவாகவில்லை. அந்த அரை மணி நேரம்தான் ஷூ லெதர் செலவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். பாமோல்–டோபின் மாதிரியில், வருடத்துக்கு எத்தனை முறை வங்கிக்குப் போவது லாபம் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு:

N = √(iY / 2F)

Y என்பது வருடத்தில் ரொக்கமாகச் செலவழிக்கும் தொகை, F ஒரு முறை போய்வர ஆகும் செலவு, i வட்டி விகிதம். ஒருவர் வருடத்துக்கு 3,60,000 ரூபாய் ரொக்கமாகச் செலவழிக்கிறார், ஒரு நடைக்குப் பேருந்தும் நேரமும் சேர்த்து 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மெய் வட்டி 2%, பணவீக்கம் 2%, ஆக வட்டி 4%. சூத்திரத்தில் போட்டால் 12 வரும். அதாவது மாதம் ஒரு நடை, கையில் சராசரியாக 15,000 ரூபாய். இப்போது எல்லோரும் எதிர்பார்த்தபடியே பணவீக்கம் 34% ஆகிறது, வட்டி 36%. நடை 36 ஆகிவிடும், கையிருப்பு 5,000 ஆகக் குறையும். அந்தக் கூடுதல் 24 நடைக்கு 1,200 ரூபாய். சம்பளம் எவ்வளவு சரியாக ஏறியிருந்தாலும் இந்தச் செலவு இருக்கத்தான் செய்யும். (F-ஐப் பழைய விலையிலேயே வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன்.) இன்றைக்கு யுபிஐ இருப்பதால் பணம் கடைசி நொடி வரை கணக்கிலேயே இருக்கும், F ரொம்பச் சின்னதாகிவிட்டது.

சரி, மெனு செலவு. விலையை மாற்றுவதற்கே ஆகும் செலவு இது: புது மெனு அட்டை அச்சடிப்பது, லேபிள் ஒட்டுவது, பில் போடும் கணினியில் திருத்துவது, வாடிக்கையாளருக்குச் சொல்வது. இதற்கு பிரேசிலை எழுதுங்கள். 1994 ஜூலையில் ரியால் என்ற புதுப் பணம் வருவதற்கு முந்தைய மாதம் அங்கே பணவீக்கம் அந்த ஒரே மாதத்தில் 47% அளவுக்கு இருந்தது. ஒரு நாளைக்கு 1.3% என்று வருகிறது. அந்தக் காலத்து சூப்பர் மார்க்கெட்டுகளில் கையில் லேபிள் மிஷினோடு ஊழியர்கள் அலமாரி அலமாரியாகப் போய், பழைய விலையின் மேலேயே புது விலையை ஒட்டிக்கொண்டிருப்பார்கள். வாங்க வந்தவர்கள் அவர்களுக்கு முன்னால் ஓடிப்போய், இன்னும் லேபிள் மாறாத பொட்டலத்தை எடுப்பார்கள். சம்பளம் வந்த அன்றே மாதச் சாமான் மொத்தத்தையும் வாங்கி வைத்துவிடுவார்கள். இந்த ஒரே கடைக்குள் இரண்டு செலவையும் பார்க்கலாம். லேபிள் ஒட்டுகிற கூலி மெனு செலவு. ரொக்கத்தைக் கையில் வைக்கப் பயந்து ஓடுகிற ஓட்டம் ஷூ லெதர் செலவு.

பணவீக்கம் 3, 4 சதவீதமாக இருக்கும்போது கடைக்காரர் தினமும் லேபிளை மாற்றமாட்டார், பொறுத்திருந்து ஒரேயடியாக ஏற்றுவார். ஒரு கடை ஜனவரியில் ஏற்றும், அடுத்த கடை ஜூனில் ஏற்றும். நடுவில் ஒரே சரக்கு, காரணமே இல்லாமல், ஒரு கடையில் மலிவாகத் தெரியும். மெனு செலவின் இந்தப் பின்விளைவை ஒரு வரி சேர்த்தால் விடை கனமாகும்.

இன்னொன்றையும் கேட்பார்கள்: விலை இறங்கினால்? மெனு செலவு அப்போதும் உண்டு, இறங்கின விலைக்கும் லேபிள் மாற்றத்தானே வேண்டும். ஷூ லெதர் செலவு மட்டும் குறையும், ஏனென்றால் அப்போது கையில் நோட்டை வைத்திருப்பதில் யாருக்கும் பயமில்லை.