தாழ்ந்த நாற்காலியும் புது இடுப்பு மூட்டும்

நேயர்களுக்கு வணக்கம். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிலிருந்து மூவர் வரை, அந்தப் புது மூட்டு நழுவிவிடுகிறது. பெரும்பாலும் முதல் 3 மாதத்துக்குள்தான். பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகலாமா, படி ஏறலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். படி ஏறுவதைவிட எனக்குக் கவலை தருவது, கழற்றிய செருப்பைக் குனிந்து எடுப்பதும் வீட்டிலுள்ள தாழ்ந்த சோபாவும்தான்.

ஓர் அம்மா என்று வைத்துக்கொள்வோம். வயது 71. கீழ் முதுகில் முன்பே திருகாணி வைத்து எலும்புகளை இணைத்திருக்கிறார்கள். வலது இடுப்பு மூட்டைப் பின்பக்கமாகத் திறந்து மாற்றி, 6 வாரம் ஆகிறது. சோபாவில் உட்கார்ந்தபடியே தரையில் கிடக்கும் ரிமோட்டை எடுக்கக் குனிகிறார். வலது முழங்கால் உள்பக்கம் சாய்கிறது. ஒரு சொடுக்கு, பொறுக்க முடியாத வலி. கால் குட்டையாகி, பாதம் உள்நோக்கித் திரும்பிக்கொள்கிறது. தொடை எலும்புக்குள் இறக்கிய உலோகத் தண்டின் நுனியிலுள்ள பந்து, இடுப்பெலும்பில் பொருத்திய கிண்ணத்தை விட்டுப் பின்பக்கமாக வெளியே வந்துவிட்டது.

எக்ஸ்ரே எடுத்தால் கிண்ணம் சரியாகத்தான் இருக்கிறது. சாய்வு 42 பாகை, முன்நோக்கிய திருப்பம் 15 பாகை. மூட்டு நழுவாதிருக்கக் கிண்ணத்துக்கு 1978-இல் மருத்துவர் லூயினெக் குழுவினர் சொன்ன பாதுகாப்பு எல்லை, சாய்வு 30 முதல் 50, திருப்பம் 5 முதல் 25. அம்மாவுக்கு இரண்டுமே அதற்குள்தான். அப்படியானால் ஏன் நழுவியது? அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2016-இல் வெளியிட்ட ஆய்விலும், நழுவிய 206 மூட்டுகளில் 58 விழுக்காடு இந்த எல்லைக்குள்ளேயே இருந்தன.

காரணம் முதுகில் இருக்கிறது. நாம் நின்றுவிட்டு உட்காரும்போது இடுப்பெலும்பு ஏறத்தாழ 20 பாகை பின்னால் சாயும். அது சாய்ந்தால் கிண்ணமும் கூடவே முன்பக்கம் திறந்து, தொடை மடங்க இடம் கொடுக்கும். அந்த அம்மாவுக்கு முதுகு இறுகிவிட்டதால் இடுப்பெலும்பு 5 பாகைகூடச் சாயவில்லை. மீதி மடிப்பு முழுவதையும் தொடையே செய்ய வேண்டியதாயிற்று. உலோகத் தண்டின் கழுத்து கிண்ணத்தின் முன்விளிம்பில் முட்டியது. முட்டியதும், பாட்டில் மூடியைத் திறப்பான் நெம்புவதைப் போலப் பந்தைப் பின்னால் நெம்பித் தள்ளிவிட்டது. நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் இது தெரியாது. பக்கவாட்டில் நின்று ஒன்று, உட்கார்ந்து ஒன்று எடுத்து ஒப்பிட வேண்டும். ஆகவே முதுகில் அறுவை நடந்திருந்தால், இடுப்பு அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

இப்போது நாற்காலி. உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும். கடையில் போடும் பிளாஸ்டிக் நாற்காலி பலருக்கும் தாழ்வுதான். மேலே கெட்டியான திண்டு போடுங்கள். மெத்தென்ற திண்டு போட்டால் அமுங்கிப் பழைய உயரத்துக்கே வந்துவிடும். எழும்போது முதலில் விளிம்புக்கு நகருங்கள், அறுவை செய்த காலை முன்னே நீட்டுங்கள், கைப்பிடியை ஊன்றி எழுங்கள். உடம்பை முன்னால் மடித்து எழாதீர்கள். காடியில் ஏறுவதானால் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, முதுகைச் சாய்த்து வைத்து, முதலில் பின்பக்கத்தை வைத்து உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்தே உள்ளே திருப்புங்கள். குந்தும் கழிப்பறை வேண்டாம். கால்மேல் கால் வேண்டாம். பின்பக்கமாகத் திறந்தவர்களுக்கு இவை பொதுவாக 6 முதல் 12 வாரம்; முதுகு இறுகியவர்கள் நாற்காலி உயரத்தை அதற்குப் பிறகும் கவனிக்க வேண்டும். முன்பக்கமாகத் திறந்திருந்தால் ஆபத்து வேறு: காலைப் பின்னால் நீட்டிப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவதுதான் கூடாது. உங்களுக்கு எந்தப் பக்கம் திறந்தார்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது, மறு அறுவையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் முறை நழுவினால் பெரும்பாலும் மயக்கம் கொடுத்து, வெட்டாமலே உள்ளே தள்ளலாம். பலருக்கு அது திரும்ப வருவதில்லை. உள்ளே போகாவிட்டால், அல்லது பொருத்திய பாகம் தளர்ந்தோ வெகுவாகக் கோணியோ இருந்தால், அல்லது மீண்டும் மீண்டும் நழுவினால், மறு அறுவை. கிண்ணம் கோணியிருக்கும்போது பந்தை மட்டும் பெரிதாக்குவது பயன் தராது. கிண்ணத்தையே மாற்ற வேண்டும். முதுகு இறுகியவர்களுக்குப் பந்துக்குள் பந்து சுழலும் இரட்டை அசைவு மூட்டு நல்ல தேர்வு.

நழுவியதாகச் சந்தேகம் வந்தால் யாரையும் உருவவோ இழுக்கவோ விடாதீர்கள், நரம்பு கெடலாம், எலும்பு முறியலாம். மயக்க மருந்து தேவைப்படும் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். காலை அசைக்காமல் தலையணை வைத்துத் தாங்கி, 999-ஐ அழையுங்கள்.