கீமோ நடக்கிற வீட்டில் கைக்குழந்தைக்கு போலியோ சொட்டு கொடுக்கலாமா?

கேள்வி: "எங்க அம்மாவுக்கு 58 வயசு. மார்பகப் புற்றுநோய், ஆபரேஷன் முடிஞ்சு 21 நாளைக்கு ஒரு தடவை கீமோ போயிட்டிருக்கு. ரெண்டாவது கீமோ போட்டு இன்னையோட பத்து நாள். என் குழந்தைக்கு அடுத்த வாரம் 14 வாரத் தடுப்பூசி வருது. எல்லாரும் ஒரே வீட்லதான் இருக்கோம். குழந்தைக்கு ஊசி, சொட்டு மருந்து போட்டா அம்மாவுக்கு ஏதாவது ஆகுமா? அம்மாவுக்கு ஃப்ளூ ஊசி போடலாமா? அம்மா குழந்தையைத் தூக்கலாமா?"

குழந்தைக்கு எதையும் தள்ளிப் போடாதீங்க. அடுத்த வாரம் கூட்டிட்டுப் போங்க, ஊசி எல்லாம் போடுங்க. ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்தணும். வாயில விடுற போலியோ சொட்டு வேண்டாம், போலியோ ஊசி போதும்.

காரணத்தைப் புரிஞ்சுகிட்டா மத்த தடுப்பூசிகளுக்கும் நீங்களே பதில் சொல்லிடலாம். தடுப்பூசியில ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, கிருமியைக் கொன்னோ அதோட ஒரு துண்டை மட்டும் எடுத்தோ செய்யறது. அது உடம்புக்குள்ள பெருகாது, அதனால எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கும் தொந்தரவு தராது. இன்னொண்ணு, உயிருள்ள கிருமியையே பலவீனமாக்கிக் கொடுக்கறது. இது கொஞ்சம் பெருகும், பெருகினாத்தான் வேலையே செய்யும். கீமோ எடுக்கிற ஒருத்தருக்கு நேரடியா இந்த ரெண்டாவது வகையைக் கொடுக்கவே கூடாது. தட்டம்மை, அம்மைக்கட்டு, ரூபெல்லா ஊசி, சின்னம்மை ஊசி, மஞ்சள் காய்ச்சல் ஊசி, பிசிஜி, வாய்வழி டைபாய்டு மாத்திரை, மூக்குல அடிக்கிற ஃப்ளூ மருந்து எல்லாம் இதுல வரும். கீமோ முடிஞ்சும் குறைஞ்சது மூணு மாசம் காத்திருக்கணும். ரிட்டுக்ஸிமாப் மாதிரி மருந்து சேர்ந்திருந்தா ஆறு மாசம்.

இது பாட்டிக்கு. குழந்தைக்குப் போடறது வேற கணக்கு. குழந்தைக்குப் போட்ட உயிர் மருந்து வெளியில வந்து பாட்டிக்குத் தொத்துமா, அதை மட்டும்தான் பார்க்கணும். பெரும்பாலான ஊசிகள் தொத்தாது. போலியோ சொட்டுதான் விதிவிலக்கு. அந்த வைரஸ் குழந்தையோட குடல்ல பெருகி, நாலு முதல் ஆறு வாரம் வரைக்கும் மலத்துல வந்துகிட்டே இருக்கும். சாதாரண வீட்ல இதனால ஒண்ணும் ஆகாது. ஆனா வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கிற ஒருத்தர் உடம்பு அந்த வைரஸை முழுசா ஒழிக்க முடியாம திணறலாம். கை கால் செயலிழக்கிற போலியோ வாதம் வரைக்கும் போறது ரொம்ப ரொம்ப அபூர்வம்தான். இருந்தாலும் அதே பாதுகாப்பைக் குழந்தைக்குக் கொடுக்க ஊசி இருக்கும்போது, அந்தச் சின்ன ஆபத்தை ஏன் வீட்டுக்குள்ள கொண்டு வரணும்?

சரி, அடுத்த வாரம் என்ன நடக்கும்னு பார்ப்போம். அரசு அட்டவணைப்படி 14 வாரத்துல அஞ்சு நோய்க்கான பென்டாவேலன்ட், நிமோனியாவுக்கான பிசிவி, தோல்ல போடற போலியோ ஊசி, வாயில ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கான சொட்டு, வாயில போலியோ சொட்டு வரும். முதல் மூணும் கொல்லப்பட்ட வகை, யோசிக்காம போடுங்க. சொட்டு கொடுக்கறதுக்கு முன்னாடி நர்ஸ்கிட்ட நீங்களே முந்திக்கிட்டு, "வீட்ல கீமோ எடுக்கறவங்க இருக்காங்க, சொட்டு மட்டும் வேண்டாம்"னு சொல்லி, தடுப்பூசி அட்டையிலயும் எழுதச் சொல்லுங்க. எழுதலைன்னா அடுத்த முறை வேற யாராவது "ஒரு டோஸ் விட்டுப்போச்சே"னு கொடுத்துடுவாங்க. தோல்ல போடறது 0.1 மில்லி, சின்ன அளவு. சொட்டை நிறுத்தறதால முழு அளவு 0.5 மில்லி ஊசியா எத்தனை தரணும்னு குழந்தை டாக்டர் முடிவு பண்ணுவார். தனியார்ல போடற ஆறு-நோய் ஊசியில இந்த முழு அளவு போலியோ ஏற்கெனவே சேர்ந்தே இருக்கும்.

போலியோ முகாம் நாளையும் மறந்துடாதீங்க. வீடு வீடா வர்றவங்க வாசல்லயே ரெண்டு சொட்டு விட்டுட்டுப் போயிடுவாங்க. வீட்ல இருக்கிற எல்லாருக்கும், முக்கியமா குழந்தையைப் பார்த்துக்கறவங்களுக்கு, இதைச் சொல்லி வையுங்க.

போன மாசம் 10 வாரத்துல சொட்டு கொடுத்திருப்பீங்க. பயப்படாதீங்க. அடுத்த வாரம் வந்தா அதுக்கு நாலு வாரம் ஆயிடும், இன்னும் ரெண்டு வாரம் கவனமா இருந்தா போதும். டயப்பர் மாத்தறது, குழந்தைக்குக் கால் கழுவி விடறது அம்மா செய்ய வேண்டாம். செய்யறவங்க சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 20 விநாடி கை கழுவணும். இந்த வகை வைரஸுக்கு சானிடைசரை மட்டும் நம்பாதீங்க, சோப்பும் தண்ணியும்தான் சரி.

ரோட்டா சொட்டும் உயிர் மருந்துதான், அதுவும் மலத்துல வரும். ஆனா அதை நிறுத்த வேண்டாம்னுதான் வழிகாட்டுதல். தடுப்பூசி போடாத குழந்தைக்கு நிஜமான ரோட்டா வயிற்றுப்போக்கு வந்தா, வீட்ல பரவற வைரஸ் அளவு அதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால கொடுங்க, நாலு வாரம் டயப்பர் விதியை மட்டும் கடைப்பிடிங்க. ஒன்பதாவது மாசம் வர்ற தட்டம்மை-ரூபெல்லா ஊசியையும் போடுங்க. அது குழந்தையிடமிருந்து பாட்டிக்குத் தொத்தாது. சொல்லப்போனா, குழந்தைக்குத் தட்டம்மை வராம இருக்கறதே பாட்டிக்குப் பாதுகாப்பு. பெரிய குழந்தை யாருக்காவது சின்னம்மை ஊசி போட்டு, அதுக்கப்புறம் உடம்புல கொப்புளம் வந்தா, அது காய்ஞ்சு பொருக்காகிற வரைக்கும் அம்மாகிட்ட விடாதீங்க.

இப்ப அம்மாவோட ஃப்ளூ ஊசி. போடலாம், போடணும். அது கொல்லப்பட்ட வகை, ஃப்ளூவே வந்துடும்னு பயப்பட வேண்டாம். எந்த நாள்ல போடறதுங்கறதுலதான் கொஞ்சம் கவனம் வேணும். அம்மா எடுக்கிற மாதிரி 21 நாள் கீமோவுல வெள்ளை அணுக்கள் பொதுவா ஏழாவது நாள்லேருந்து பதினாலாவது நாள் வரைக்கும் அடிமட்டத்துல இருக்கும். அம்மா இப்ப சரியா அங்கதான் நிக்கறாங்க. இன்னைக்கு ஊசி போட்டு நாளைக்கு உடம்பு சுட்டா, அது ஊசியால வந்ததா, கிருமித் தொற்றான்னு யாராலயும் சொல்ல முடியாது. தொற்றுன்னே எடுத்துகிட்டு அட்மிட் பண்ண வேண்டியிருக்கும். அதனால ஒரு வாரம் பொறுங்க. அடுத்த கீமோவுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி சிபிசி ரத்தப் பரிசோதனை எடுப்பீங்கல்ல, அதுல எண்ணிக்கை ஏறியிருந்தா அன்னைக்கே போட்டுடலாம். ஊசியால காய்ச்சல் வந்தாலும் பெரும்பாலும் 48 மணி நேரத்துல அடங்கிடும், கீமோ தள்ளிப் போகாது.

ஆபரேஷன்ல அக்குள் நிணநீர்க் கட்டிகளை எடுத்திருந்தா, எதிர்ப்பக்கக் கையில போடச் சொல்லுங்க. தட்டணு 50,000-க்குக் கீழே இருந்தா தசையில குத்தற இடத்துல ரத்தம் கட்டலாம், டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க. நல்ல பலன் கிடைக்க, இந்த ஊசிகளைக் கீமோ ஆரம்பிக்கறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி போட்டிருக்கணும். இப்ப போட்டா பலன் குறையும், ஆனா பூஜ்யம் ஆகாது. அதனாலதான் வீட்ல இருக்கிற பெரியவங்க எல்லாரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கணும்னு இவ்வளவு வற்புறுத்தறேன். அம்மா உடம்பால முழுசா செய்ய முடியாததை நீங்கதான் சுத்தி நின்னு செய்யணும். நிமோனியா ஊசியும் அம்மாவுக்குப் போடலாம், எந்த வகை, எத்தனை டோஸ்ங்கறதை உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

ஒரு விஷயம் நம்ம ஊர்ல சொல்லியே ஆகணும். நாய் கடிச்சா, கீமோ நடக்குதேன்னு ரேபிஸ் ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. அது கொல்லப்பட்ட வகை. லேசான கீறலா இருந்தாலும், கீமோ எடுக்கறவங்களுக்கு ஊசியோட, வைரஸை உடனே எதிர்க்கிற இம்யூனோகுளோபுலின் மருந்தும் சேர்த்துத் தரணும். அங்க போனதும் "கீமோ நடக்குது"ன்னு முதல்லயே சொல்லுங்க.

குழந்தையைத் தூக்கலாம், மடியில வச்சுக்கலாம். அம்மாவைத் தனி அறையில பூட்டி வைக்கத் தேவையில்லை. குழந்தைக்குச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கிற நாட்கள்ல மட்டும் தள்ளி இருக்கட்டும். வீட்ல யாருக்காவது நிஜமான தட்டம்மையோ சின்னம்மையோ வந்தா, அம்மாவுக்கு அறிகுறி வரட்டும்னு காத்திருக்காதீங்க. அன்னைக்கே புற்றுநோய் டாக்டருக்கு போன் பண்ணுங்க. வர்றதுக்கு முன்னாடியே கொடுக்கிற மருந்து இருக்கு, நாள் கடந்தா அதோட பலன் போயிடும். சாப்பாட்டைப் பொறுத்தவரை பழமே கூடாதுன்னு சொல்றது ரொம்ப அதிகம். கழுவித் தோல் சீவின பழம் சாப்பிடட்டும். காலையில அரைச்சு மதியம் வரைக்கும் வெளியில இருந்த தேங்காய்ச் சட்னி, கொதிக்க வைக்காத தண்ணி, கடையில நறுக்கி வச்ச பழம், இதையெல்லாம்தான் தவிர்க்கணும்.

கடைசியா, அம்மா இப்ப இருக்கிற நாட்களுக்கு ரொம்ப முக்கியமானது காய்ச்சல். வீட்ல ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கணும். வாயில வச்சுப் பாருங்க, அக்குள்ல அளவு குறைச்சலாக் காட்டும். ஒரு தடவை 101 ஃபாரன்ஹீட் வந்தாலோ, 100.4 ஒரு மணி நேரம் நின்னாலோ, ராத்திரி பதினோரு மணியா இருந்தாலும் கிளம்பிடுங்க. பாராசிட்டமால் கொடுத்துட்டுக் காலையில பார்க்கலாம்னு படுத்துடாதீங்க. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், தொற்றை நிறுத்தாது. சண்டை போட அணுக்களே இல்லாதப்ப சீழ் பிடிக்காது, வீங்காது, சளி கூடத் தெரியாது. காய்ச்சல் ஒண்ணுதான் அடையாளம். சில சமயம் காய்ச்சல் கூட இல்லாம வெறும் குளிர் நடுக்கமோ மயக்கமோ வரும், அப்பவும் போயிடுங்க.

அவசரப் பிரிவு வாசல்லயே, "கீமோ போட்டு பத்தாவது நாள், காய்ச்சல்" அப்படின்னு சொல்லுங்க. ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பிட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள நரம்பு வழியா ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கணும். சிபிசி தாள் வந்தா மொத்த வெள்ளை அணுவை, அதுல ஒரு வகையான நியூட்ரோஃபிலோட சதவீதத்தால பெருக்கி 100-ஆல வகுங்க. மொத்தம் 1,200, நியூட்ரோஃபில் 30 சதவீதம்னா, வர்றது 360. 500-க்குக் கீழே வந்தா ஆபத்தான கட்டம். 1,200-னு மேலோட்டமாப் பார்த்துட்டு "பரவாயில்ல"ன்னு யாராவது அனுப்பினா, இந்த 360-ஐக் காட்டி உங்க புற்றுநோய் டாக்டர்கிட்ட பேசச் சொல்லுங்க. அவரோட நம்பரை ஃபிரிட்ஜ் கதவுல இன்னைக்கே ஒட்டி வையுங்க.